இரவுக் குழப்பத்தைக் காலைக்குக் கொண்டுசேர்க்கும் குறிப்பு

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 76 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் பகலெல்லாம் கண்ணை மூடியே கிடக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. “ஆபரேஷன் அசதி” என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ட்ரிப் ஊசியைப் பிடுங்குகிறார். காலை எட்டரைக்கு டாக்டர் வரும்போது, “நல்லா இருக்கேன் தம்பி” என்கிறார்.

உடலில் ஏற்படும் ஏதோ ஒரு கோளாறு மூளையைத் திடீரென்று நிலைகுலையச் செய்வதுதான் டெலீரியம். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும். இது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும், கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தால்தான் காலை ரவுண்ட்ஸில் பிடிபடாமல் போகிறது. இரவில் நடந்ததைக் காலைக்குக் கொண்டுபோக நர்ஸின் குறிப்பைத் தவிர வேறு வழியில்லை. அதில் “நோயாளி குழப்பத்துடன் இருந்தார், ஒத்துழைக்கவில்லை” என்று மட்டும் இருந்தால், படிக்கும் டாக்டர் தூக்க ஊசி எழுதுவார். காரணத்தைத் தேட அந்த வரியில் எதுவுமே இல்லை.

4AT என்ற பரிசோதனை இதற்கு உதவுகிறது. நான்கே பகுதிகள், இரண்டு நிமிடம் போதும். முதலில் விழிப்பு நிலை: கேள்விக்கு நடுவிலேயே இவர் கண் சொருகிவிட்டார், அதற்கு 4 மதிப்பெண். அடுத்து வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு. “அம்மா, இது எந்த இடம்?” என்றதற்கு “எங்க வீடுதான்” என்றார், ஆண்டும் தவறு. இரண்டுக்கு மேல் பிழை இருந்தாலும் மதிப்பெண் 2தான். மூன்றாவது, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வது. தமிழ் மாதத்தில் கேட்டார்கள்: பங்குனி, மாசி என்றதோடு நின்றுவிட்டார். ஏழு மாதமாவது சரியாகச் சொன்னால்தான் பூஜ்யம்; இவருக்கு 1.

நம் ஊர் முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி எப்போதுமே தெரியாது. அதனால் “பிறந்த தேதி முன்பிருந்தே தெரியாது என்று மகள் சொன்னார்” என்றும், எந்த மாதக் கணக்கில் கேட்டோம் என்றும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் அறியாமையும் நோயும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும்.

நான்காவது பகுதிதான் உயிர்நாடி: நிலைமை திடீரென்று மாறியதா? அதைச் சொல்ல வீட்டு ஆள் வேண்டும். “சிஸ்டர், ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் பால் கணக்கு எல்லாம் அம்மாதான் பார்த்தாங்க” என்றார் மகள். இதற்கு 4. மொத்தம் 12க்கு 11. நான்கோ அதற்கு மேலோ வந்தால் டெலீரியம் இருக்கக்கூடும் என்று பொருள்; உறுதி செய்வது டாக்டர்.

எண்ணை எழுதியதும் காரணத்தைத் தேட வேண்டும். வலி, கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ஆக்சிஜன், சர்க்கரை, உப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இவருக்குக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இல்லை, சர்க்கரையும் சரி. அடிவயிற்றைத் தொட்டதும் முகம் சுளித்தார். மருந்துச் சீட்டில், மாலை அரிப்புக்காகப் போட்ட ஃபெனிரமின் ஊசி இருந்தது. வார்டில் அவில் என்பார்கள். முதியவர்களுக்கு அது மூளையையும் குழப்பும், சிறுநீரையும் அடைக்கும்.

நம் மருத்துவமனைகளில் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பொருள் இப்படி இருக்க வேண்டும்:

“இரவு 2.10: 4AT 11 (4, 2, 1, 4). கதீட்டர் எடுத்த காலை 10 மணிக்குப் பின் சிறுநீர் சரியாகப் போகவில்லை, அடிவயிறு உப்பல். மூன்று நாளாக மலம் கழிக்கவில்லை. மாலை 7க்கு ஃபெனிரமின். 2.20: டூட்டி டாக்டருக்குத் தகவல். 2.35: அவர் சொன்னபடி கதீட்டர் வழி 700 மில்லி வெளியேற்றப்பட்டு, குழாய் எடுக்கப்பட்டது. ஃபெனிரமின் நிறுத்தம். கண்ணாடி, காதுக்கருவி போடப்பட்டன, மகள் அருகில். கை கட்டப்படவில்லை. 3.15: அமைதியாக உறங்குகிறார்.”

“சந்தேகக் காரணம்: சிறுநீர் அடைப்பு, மருந்து, மலச்சிக்கல்” என்று தனி வரியும் வேண்டும். கையைக் கட்டினால் பயமும் திமிறலும் கூடும் என்பதால், கட்டாததையும் எழுதுகிறார்கள்.

காலை எட்டரைக்கு மறுபடி பார்த்தபோது அம்மா நன்றாக விழித்திருந்தார், இடத்தையும் ஆண்டையும் சரியாகச் சொன்னார், ஏழு மாதம் பின்னோக்கி வந்தார். ஆனாலும் மதிப்பெண் 5. பிறந்த தேதிக்கு 1. கடந்த 24 மணி நேரத்துக்குள் மாற்றம் இருந்ததால் நான்காவது பகுதியின் 4 அப்படியே நிற்கிறது. பார்வைக்குத் தெளிவாக இருந்தவரை டாக்டர் விட்டுவிடாமல் இரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லி, மலமிளக்கி எழுதியது இதனால்தான். டிஸ்சார்ஜ் சீட்டிலும் டெலீரியம் என்று பதிய வேண்டும்: ஒருமுறை வந்தவருக்கு அடுத்த அறுவை சிகிச்சையில் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், அங்கே இருக்கும் நர்ஸுக்கு அந்த ஊசியைத் தவிர்க்க இந்த ஒரு வரிதான் துணை.