‘பிடிக்கும்’ முதல் ‘காதல்’ வரை

நார்வேக்காரர் பாட்டியிடம் தொலைபேசியை வைக்கும் முன் ‘கிளா இ டை’ என்பார். நெருங்கிய நண்பரிடமும் அதையே சொல்வார். ‘கிளா’ என்றால் மகிழ்ச்சி. உன்னால் என் மனம் நிறைகிறது என்பது போன்ற பொருள். காபி பிரியரும் தன்னைக் காபியில் ‘கிளா’ என்பார்.

இதற்குக் கீழ்ப்படி ‘லீகர் டை’, உன்னைப் பிடித்திருக்கிறது. மேற்படி ‘எல்ஸ்கர் டை’, உன்னைக் காதலிக்கிறேன். இது கனமான சொல். பலர் எளிதில் வாய்விட்டுச் சொல்வதில்லை.

‘ஃபொரெல்ஸ்கெட்’ தனி ரகம். காதல் வயப்பட்ட புதிதில் வரும் படபடப்பு அது. அம்மாவிடம் சொல்லவே முடியாது.

ஆஸ்லோவில் இரண்டு மாதமாகப் பழகும் ஜோடி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவன் ‘எல்ஸ்கர் டை’ என்கிறான். அவள் ‘கிளா இ டை’ என்கிறாள். அன்பான பதில்தான், ஆனால் ஒரு படி கீழே. அவன் முகம் வாடிவிடும். அவனே ‘ஃபொரெல்ஸ்கெட்’ என்று தொடங்கியிருந்தால், தன் மனநிலையை மட்டும் சொன்னதாக இருந்திருக்கும். அவளுக்கும் ‘உன்னை ரொம்பப் பிடிக்கிறது’ என்று தயங்காமல் சொல்ல இடம் கிடைத்திருக்கும்.

பல ஆண்டு சேர்ந்து வாழும் தம்பதியரோ ‘கிளா இ டை’யைத் தினமும் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே யாரும் அதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.