எழுதி வைக்காத சலுகைகள்

நல்ல மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது டீமுக்கு வரும் வருத்தத்தை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கடினம். "ஆபீஸ்ல ஒருத்தர் போனா இன்னொருத்தர் வரப்போறார், உன் சம்பளம் நிக்கலையே?" என்பார்கள். சம்பளம் நிற்கவில்லைதான். பதவியும் மாறவில்லை, உட்காரும் இடமும் மாறவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது. புதியவர் சாதாரணமாகக் கேட்கும் ஒரு கேள்வி ராத்திரி வரை மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எதையோ இழந்துவிட்டோம் என்று தெரிகிறது, எதை என்று சொல்ல வரவில்லை.

இந்தக் கேள்விக்கு நான் படித்ததில் மிகத் தெளிவான விடை ஒரு ஜிப்சம் சுரங்கத்திலிருந்து வந்தது. ஆல்வின் கௌல்ட்னர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1940களின் கடைசியில் தன் மாணவர்களுடன் அங்கே போய், தொழிலாளர்களிடம் நீண்ட நேரம் பேசி, 1954இல் ஒரு புத்தகமாக எழுதினார். சுரங்கமும், அதோடு சேர்ந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலையுமாக மொத்தம் சுமார் 225 பேர் வேலை செய்த இடம் அது. ஊர், ஆட்கள் பெயரையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறார். பழைய மேனேஜருக்கு அவர் வைத்த பெயர் டக். அவருக்குப் பின் வந்தவர் பீல்.

டக் காலத்தில் சட்டதிட்டம் இருந்தது, ஆனால் யாரும் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தாமதமாக வந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். வீட்டுக் கூரையைச் சரிசெய்யக் கம்பெனிக் கருவிகளை எடுத்துப் போகலாம். அடிபட்டவருக்குக் குணமாகும் வரை இலகுவான வேலை கிடைக்கும். வேலையை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் இடம் உண்டு. இதில் ஒன்றுகூட எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. தொழிலாளர்களோ இவற்றையெல்லாம் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதிபோலத்தான் எண்ணியிருந்தார்கள்.

உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்ற தலைமை அலுவலகத்தின் நெருக்கடியோடு பீல் வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. யாரிடம் சொன்னால் வேலை நடக்கும், யார் வார்த்தையை நம்பலாம் என்பதெல்லாம் டக்குக்கு வருஷக்கணக்கில் பழகித் தெரிந்தவை. பீலுக்குக் கையில் இருந்தது விதிப்புத்தகம் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டார். நேரத்தைக் கணக்குப் பார்த்தார், கருவி எடுத்துப் போவதை நிறுத்தினார், முக்கியமான இடங்களில் தனக்கு வேண்டியவர்களை வைத்தார். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தொழிலாளர்கள் இன்னும் விலகினார்கள். அவர்கள் விலக விலக, பீல் இன்னும் இறுக்கினார்.

இந்தச் சமயத்தில்தான் டக் எல்லார் பேச்சிலும் மகானாக மாறினார். அவர் இருந்தபோது அவர்மேல் சொன்ன குறைகள் மறந்துபோயின. கௌல்ட்னர் இதற்கு "ரெபெக்கா கட்டுக்கதை" என்று பெயர் வைத்தார். டாஃப்னி டு மாரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா' நாவலில், இரண்டாவது மனைவியாக வரும் இளம்பெண் அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் இறந்துபோன முதல் மனைவியின் புகழையே கேட்டுத் தவிப்பாள். புதிய மேனேஜரின் நிலைமையும் அதுதான் என்றார் கௌல்ட்னர்.

நம் ஊர் அலுவலகத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனி டீமில் இருக்கும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மகனுக்குப் பேச்சுப் பயிற்சி இருப்பதால் செவ்வாயும் வியாழனும் நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவார், ராத்திரி ஒன்பதுக்கு லாகின் செய்து மிச்ச வேலையை முடிப்பார். "அதுக்கென்னம்மா, போயிட்டு வாங்க" என்று மேனேஜர் சொன்னதோடு சரி, மெயில் எதுவும் கிடையாது. போன வருஷம் வேறொரு டீமுக்கு இரண்டு மாதம் கைகொடுத்தபோது, "அப்ரைசல்ல பாத்துக்கறேன்" என்றும் அவர் சொல்லியிருந்தார். டிசம்பரில் அந்த மேனேஜர் ராஜினாமா செய்கிறார். மார்ச்சில் ரேட்டிங்.

இந்தப் பெண் இழப்பது இரண்டு. ஒன்று, அந்த மனிதர். அவரோடு டீ குடித்தது, அவர் திட்டினாலும் வலிக்காதது. அந்தத் துக்கத்துக்கு மருந்து கிடையாது, ஆற நாள் பிடிக்கும், அழுகை வந்தால் அழலாம். இரண்டாவது, அவர் ஞாபகத்தில் மட்டும் இருந்த கணக்கு. நெஞ்சுப் படபடப்பில் பெரும்பங்கு இதனால் வருவது என்பது என் எண்ணம். இதற்கு மட்டும் செய்ய வேலை இருக்கிறது, அதற்கு நேரமும் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் அறுபது முதல் தொண்ணூறு நாள். அந்த நாட்களைக் கேக் வாங்கவும் க்ரூப் போட்டோ எடுக்கவும் மட்டும் செலவழித்துவிடுகிறோம்.

அவர் கிளம்புவதற்குள் கேட்டு வாங்க வேண்டியது எழுத்துதான். வேறு டீமுக்குச் செய்த வேலையை அப்ரைசல் பக்கத்திலேயே அவர் பதிவு செய்யட்டும், அது முடியாவிட்டால் ஹெச்.ஆரையும் சேர்த்து ஒரு மெயில் போடட்டும். செவ்வாய், வியாழன் ஏற்பாடு ஹேண்ட்ஓவர் குறிப்பில் ஒரு வரியாக இருக்கட்டும். நல்ல மேனேஜர்கள் இதைக் கேட்டால் தயங்க மாட்டார்கள். அவர்களும் போகிற அவசரத்தில் ப்ராஜெக்ட் விவரங்களை ஒப்படைத்துவிட்டு, ஆட்களைப் பற்றிய விவரங்களை ஒப்படைக்க மறந்துவிடுகிறார்கள்.

புதியவரிடம் எப்படிச் சொல்வது? "பழைய சார் விட்டுட்டுத்தான் இருந்தார்" என்று ஆரம்பித்தால் அவர் காதில் டக் புகழ்தான் விழும், சலுகையைக் காப்பாற்ற வந்ததாகவே தோன்றும். "செவ்வாய், வியாழன் நாலு மணிக்குக் கிளம்பறேன் சார், மகனுக்குத் தெரபி இருக்கு. ஒன்பது மணிக்கு வந்து முடிச்சிடறேன். ஆறு மாசமா டெலிவரி எதுவும் தள்ளிப்போகலை. இது உங்களுக்குச் சரியா வருமான்னு ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றால் அவருக்கு முடிவெடுக்க விவரம் கிடைக்கிறது. முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நான்காவது வியாழக்கிழமை அவரே காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டால், அதே செய்தி பிடிபட்ட தவறாக மாறிவிடும்.

வந்தவர் உண்மையிலேயே கடுமையானவரா, இன்னும் பழகாதவரா என்று முதல் மாதத்தில் தெரியாது. அவர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் போகப்போகப் பிடிபடும். பழகாதவர் தெரிந்துகொள்ளக் கேட்கிறார், பதில் கிடைத்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும். மூன்று மாதம் ஆன பிறகும் அதே கணக்கை அதே ஆளிடம், அதுவும் நாலு பேர் முன்னால் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் பயம் வெறும் பயமல்ல. அப்போது தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் பேசலாம், உள்ளேயே வேறு டீம் தேடலாம். துக்கம் எந்தப் பக்கமும் நகராமல், தூக்கமும் பசியும் கெட்டு, வீட்டில் பிடித்தவைகூடப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது ஆபீஸ் விஷயமாக மட்டும் இருக்காது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண்ணான 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

போன மேனேஜரோடு தொடர்பை அறுக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தினமும் அவருக்கு வாட்ஸ்அப்பில் புதியவரைப் பற்றிப் புலம்பினால், அவர் தன் புதிய இடத்திலிருந்தபடி ஆறுதல் சொல்வதைத் தவிர என்ன செய்ய முடியும்? டக்கைப் போலவே அவரும் நாளுக்கு நாள் குறையே இல்லாதவராகிக்கொண்டு போவார். அவரிடம் கேட்கக் கூடியதில் பயனுள்ளது வேறொன்று. அவரும் ஒருநாள் இந்த டீமுக்குப் புதியவராக வந்தவர்தான். முதல் மாதம் யார் எதைச் சொல்லி அவருக்கு உதவினார்கள் என்று கேட்கலாம்.