இயர்போன் பட்டன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா?

கேட்டல் பயிற்சிக்காக மாணவர்கள் கொண்டு வரும் இயர்போன்களில் சில வினோதமாக நடந்துகொள்ளும். ஒலிப்பதிவு ஓடுகிறது, ஆனால் பேச்சு மட்டும் காதில் விழாது. அல்லது வால்யூம் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. பிள்ளை கவனிக்கவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் பிளக்கைக் கொஞ்சம் பாருங்க.

மைக் உள்ள இயர்போனின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கில் மூன்று கோடுகள், நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு. மீதி இரண்டில்தான் சிக்கல். இப்போதைய கைப்பேசிகளில் பெரும்பாலானவை பின்பற்றும் சிடிஐஏ முறையில் மூன்றாவது பகுதி எர்த், கடைசிப் பகுதி மைக். பழைய ஓஎம்டிபி முறையில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும்.

முறை பொருந்தாவிட்டால் காதொலிக்குச் சரியான எர்த் கிடைக்காது. இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். பாட்டில் இசை மிஞ்சும், குரல் மறையும். வாசிப்புப் பதிவில் இரு பக்கமும் ஒரே குரல்தான் என்பதால் ஏறக்குறைய எல்லாமே மங்கிவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: கால் பட்டனை அழுத்திப் பிடிங்க. பட்டன் மைக்கையும் எர்த்தையும் இணைப்பதால் குரல் உடனே திரும்பி வந்தால், கோளாறு முறையில்தான். இரண்டையும் மாற்றித் தரும் சிறிய அடாப்டர் போதும்.

பட்டன்கள் வேலை செய்வதும் அதே மைக் கம்பி வழியாகத்தான். ஆண்ட்ராய்டில் நடுப் பட்டன் 0 ஓம், வால்யூம் கூட்ட 240, குறைக்க 470. கைப்பேசி இந்த எண்ணைப் படித்துத்தான் எந்தப் பட்டன் என்று அறிகிறது. ஐபோன் இயர்போனில் வால்யூம் பட்டன்கள் வேறு வகைச் சமிக்ஞை அனுப்புகின்றன. அதனால் ஆண்ட்ராய்டில் நடுப் பட்டன் மட்டும் வேலை செய்து, வால்யூம் சும்மா இருந்தால் அது பழுதல்ல. திரையில் வால்யூமைக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்க.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்றைக்குக் கோளாறு என்றால் அழுக்கைச் சந்தேகியுங்கள். அழுக்கும் துருவும் தொடுமுனையில் தடையைக் கூட்டும். நடுப் பட்டனின் 0 ஓம் சுமார் 135 ஆகத் தெரிந்தால், கைப்பேசி அதைக் குரல் உதவிப் பட்டன் என்று எடுத்துக்கொள்ளும். ஈரம் மைக்கையும் எர்த்தையும் இணைத்தால் யாரும் தொடாமலே பாட்டு நிற்கும், ஓடும். தஞ்சோங் கிளிங் போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும்.

பிளக் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால், துளையின் அடியில் பஞ்சு அடைந்திருக்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்க. ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தொடுமுனை வளைந்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். பிளக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்க.

அப்பவும் சரியாகலையா? அதே இயர்போனை அதே வகையான வேறொரு கைப்பேசியில் போடுங்க. அங்கே ஒழுங்காக இருந்தால் முதல் கைப்பேசியின் துளையில்தான் கோளாறு. அங்கேயும் அதே கோளாறு என்றால் இயர்போனில்தான் பழுது இருக்கும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, வேறு இயர்போன்தான் வாங்க வேண்டும்.