முதல் மின்னஞ்சலில் எவ்வளவு நெருக்கம்?

கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து, தனியாக எழுத்து வேலை செய்யும் ஒருவருக்கு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "விவசாயிகளுக்குத் தமிழில் 8 பக்கக் கையேடு வேண்டும். கட்டணம் தெரிவிக்கவும்." அவ்வளவுதான். கீழே எஸ். செந்தில்குமார், விற்பனை மேலாளர். பதிலை எப்படித் தொடங்குவது?

அவர் எழுதிய விதத்திலேயே விடை இருக்கிறது. முழுப்பெயர், பதவி, சுருக்கமான வாக்கியம்: அலுவலக முறைப்படி எழுதுகிறவர். அவர் காட்டும் மரியாதையைவிட ஒரு படி கூட்டியே முதல் பதிலை எழுத வேண்டும் என்பேன். அங்கிருந்து நெருங்கி வர அடுத்த மடலே போதும். தோழமையாகத் தொடங்கிவிட்டுப் பணம் தாமதமாகும்போது விறைப்பாக எழுதினால், சாதாரண நினைவூட்டல்கூடக் கோபமாகப் படும்.

ஆனால் "மதிப்பிற்குரிய ஐயா" வேண்டாம். அது மனு எழுதும் குரல். கட்டணம் பேச வேண்டிய இடத்தில் நம்மை நாமே கீழே இறக்கிவிடும். "வணக்கம் திரு. செந்தில்குமார்" போதும். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் 'திரு' இல்லாமல் முழுப்பெயரை எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் அழைக்க வேண்டிய பெயர் செந்தில்குமார்தான். 'எஸ்' பெரும்பாலும் அப்பாவின் பெயரெழுத்து. அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் முதல் பெயரே வழக்கம். ஜெர்மானியருக்கு முதல் மடலில் குடும்பப் பெயர்தான் பொருத்தம்.

சரி, நட்பை எங்கே காட்டுவது? வேலையைப் பற்றிப் பேசும் வரிகளில். "படிக்கப்போவது விவசாயிகள் என்பதால், மோட்டார் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்ற பகுதியை முன்னால் வைக்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு அடிக்கடி வரும் கேள்விகளை அனுப்ப முடியுமா?" இதைப் படிக்கும் மேலாளருக்கு, நம் வேலையை யோசித்திருக்கிறார் என்று தெரியும். எத்தனை ஆச்சரியக்குறி போட்டாலும், சிரிப்புப் பொம்மை வைத்தாலும் அந்த நெருக்கம் வராது.

கட்டண வரிகளில் மட்டும் குழைவு கூடாது. "பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்று நேரில் சொல்வது மடலுக்குள் வந்தால் தொகை குறையும், திருத்தங்கள் பெருகும். மொத்தக் கட்டணம், முன்பணம், எத்தனை முறை திருத்தம், ஒப்படைக்கும் நாள் ஆகிய நான்கையும் தனிப் பத்தியில், முழு வாக்கியங்களில், மன்னிப்புத் தொனி இல்லாமல் எழுதுங்கள்.

பிறகு அவர் பதிலைக் கவனியுங்கள். வெறும் 'செந்தில்' என்று முடித்திருந்தால், அடுத்த மடலை "வணக்கம் செந்தில்" என்றே தொடங்கலாம். போனில் "சொல்லுங்க பிரதர்" என்றால் போனில் நீங்களும் அப்படியே பேசலாம். அந்தப் பேச்சில் முடிவான தொகையை மட்டும் அன்றைக்கே பழைய மரியாதை நடையில் ஒரு மடலாக அனுப்பிவிடுங்கள்.