எதைப் பார்க்கிறோம், எந்த அளவில் இருக்கிறது

1961-இல் அமெரிக்காவில் பால் டீடெரிக்கும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எந்த அடிப்படையில் பிரிப்பது என்று சொல்லவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன. திருத்தியவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஒருவர் கருத்தைப் பார்த்தார், மற்றொருவர் எழுத்துப்பிழையைப் பார்த்தார்.

ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அட்டவணை இதற்குத்தான். இடப்பக்கம் கூறுகள்: எதைப் பார்க்கப்போகிறோம். மேல்வரிசையில் நிலைகள்: அது எந்த அளவில் இருக்கிறது. பலர் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். ‘சிறப்பான சான்றுகள்’ என்று கூறுக்குப் பெயர் வைத்தால், ‘சிறப்பான’ என்ற தீர்ப்பு முதலிலேயே உள்ளே வந்துவிடுகிறது. பிறகு முதல் நிலையில் என்ன எழுதுவது? ‘சான்று’ என்று மட்டும் வைத்தால் போதும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ‘நம் ஊர் ஏரியைத் தூர்வார வேண்டுமா?’ என்று ஒரு கட்டுரை தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சான்று என்ற கூறுக்கு நான்கு நிலைகள் இப்படி அமையலாம். முதல் நிலையில் வெறும் அபிப்பிராயம் மட்டுமே இருக்கும். இரண்டாவதில் சான்று உண்டு, ஆனால் அது கருத்தோடு ஒட்டாமல் நிற்கும். மூன்றாவதில் சில இடங்களில் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம் இருக்கும். நான்காவதில் முக்கியமான ஒவ்வொரு கருத்துக்கும் அந்த விளக்கம் இருக்கும்.

ஒரு மாணவி எழுதுகிறாள்: “ஏரியில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதனால் தூர்வார வேண்டும்.” இது இரண்டாம் நிலை. “வண்டல் மேடிட்டு ஏரியின் ஆழம் குறைந்துவிட்டது, மழைநீர் தேங்க இடமில்லை, அதனால்தான் மாசியிலேயே கிணறு வற்றுகிறது” என்று அவள் சேர்த்தால் மூன்றாம் நிலைக்கு வந்துவிடுவாள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கே தெரிகிறது.

அட்டவணை சரியா என்று பார்க்க, ஒரு வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். நான்கு கட்டங்களிலும் ஒரே விஷயம் ஏறி இறங்க வேண்டும். நான்காம் கட்டத்தில் விளக்கமும் இரண்டாம் கட்டத்தில் திடீரென எழுத்துப்பிழையும் வந்தால், அங்கே இன்னொரு கூறு நுழைந்திருக்கிறது. அதைத் தனி வரிசையாக்கிவிட வேண்டும். ‘நான்கு சான்று இருந்தால் நான்காம் நிலை’ என்று எண்ணிக்கை வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே சான்றை ஆழமாக விளக்கியவன் அதில் தோற்றுப்போவான்.

அடுத்து, இரண்டு ஆசிரியர்கள் அதே ஐந்தாறு தாள்களைத் தனித்தனியே திருத்திப் பார்க்கட்டும். ஒரு நிலை முன்பின் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு நிலை வித்தியாசம் மறுபடி மறுபடி வந்தால், அந்த வரிசையின் வாக்கியங்களையே மாற்றி எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்கு எழுத்துப்பிழையைவிடச் சான்று முக்கியம் என்று ஆசிரியர் நினைத்தால், சான்று வரிசைக்கு இரட்டிப்பு மதிப்பெண் வைக்கலாம். நிலைகளின் விவரிப்பைத் தொட வேண்டியதில்லை.