இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஒளிந்த துடிப்பு

தண்ணீர் மோட்டாரைக் குறித்த நேரத்தில் ஓடவிட்டு நிறுத்தும் ஒரு சிறிய மின்னணுப் பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஆர்டுவினோ, டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லிடம் நொடிக்குப் பல முறை மணி கேட்கிறது. நேரம் வந்ததும் ஒரு ரிலே வழியாக மோட்டாரை இயக்குகிறது. எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் எப்போதாவது ஒரு முறை கடிகாரம் பதில் சொல்வதில்லை. மறுபடி கேட்டால் உடனே சொல்லிவிடுகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மின்னழுத்தம் சரியாக இருக்கிறது, நிரலிலும் பிழை தெரியவில்லை. இத்தகைய கோளாறுகளைப் பிடிக்கத்தான் லாஜிக் அனலைசர் இருக்கிறது.

அது செய்யும் வேலை எளிமையானது. கம்பியில் உள்ள மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0 என்று குறித்துக்கொள்ளும். இந்த எல்லைக்கு வாசல் மின்னழுத்தம் என்று பெயர். இப்படிக் குறிப்பதைச் சீரான இடைவெளியில், பல கம்பிகளில் ஒரே சமயத்தில், நொடிக்குப் பல லட்சம் முறை செய்யும். ஒவ்வொரு குறிப்பும் ஒரு மாதிரி. திரையில் மேடும் பள்ளமுமாக நாம் காணும் கோடு இந்த மாதிரிகளை வரிசையாக அடுக்கி வரைந்தது. ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவே கம்பியில் என்ன நடந்தது என்று கருவிக்குத் தெரியாது. நடுவில் எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டே அது கோடு போடுகிறது.

நம் பலகையில் ஆர்டுவினோவும் கடிகாரமும் ஐ2சி முறையில் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. `SCL` கம்பியில் தாளம் வருகிறது, `SDA` கம்பியில் செய்தி வருகிறது. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பிட் நகரும். எட்டு பிட்டுகள் முடிந்ததும் ஒன்பதாவது தாளத்தில் கடிகாரச் சில்லு `SDA` கம்பியைக் கீழே இழுத்து, செய்தி கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகாரத்தின் முகவரி `0x68`. அதற்கு எழுதப்போவதாகச் சொல்லும் முதல் பைட் `11010000`.

தாளத்தின் வேகம் 100 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒரு தாளத்துக்கு 10 மைக்ரோநொடி. அனலைசரை 1 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு தாளத்துக்குப் பத்து மாதிரிகள் கிடைக்கும். இது தாராளம் என்றுதான் தோன்றும். பதிவைப் பார்த்தாலும் குறை ஏதும் தெரியாது. ஒன்பது தாளங்கள் வந்திருக்கின்றன, முகவரி `0x68` சரியாக இருக்கிறது, ஒப்புதல் மட்டும் இல்லை. பார்ப்பவர் கடிகாரச் சில்லு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதை மாற்றவும் செய்வார். புதிய சில்லிலும் அதே கோளாறு வரும்.

அதே கம்பிகளை 24 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் கதை வேறு. இப்போது ஏறத்தாழ 42 நானோநொடிக்கு ஒரு மாதிரி. முகவரியின் மூன்றாவது பிட் போகும்போது, மேடாக நிற்க வேண்டிய `SCL` ஒரு கணம் பள்ளத்தில் விழுந்து மீண்டும் எழுகிறது. அந்தப் பள்ளம் சுமார் 100 நானோநொடி அகலம்தான். 1 மெகாஹெர்ட்ஸில் மாதிரிகளுக்கு இடையே 1000 நானோநொடி இருப்பதால், இந்தப் பள்ளம் ஒரு மாதிரியில் சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றே. ஆனால் கடிகாரச் சில்லு இதை ஒரு தாளமாகவே எண்ணிவிட்டது. மூன்றாவது பிட்டை இரண்டு முறை படித்ததால், `1101000` என்ற முகவரி அதற்கு `1100100` என்று கேட்டது. அது `0x64`, வேறு யாருடைய முகவரியோ. தன்னை அழைக்கவில்லை என்று நினைத்து அது பேசாமல் இருந்துவிட்டது.

ஆகவே மாதிரி வேகத்தைத் தீர்மானிக்கும்போது தாளத்தின் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. நாம் தேடும் மிகக் குறுகிய துடிப்பு எவ்வளவு அகலம் என்பதே கணக்கு. அந்த அகலத்துக்குள் குறைந்தது ஒரு மாதிரி விழுந்தால்தான் துடிப்பு இருப்பதே தெரியும். அகலத்தை அளக்க வேண்டுமென்றால் பல மாதிரிகள் விழ வேண்டும். 24 மெகாஹெர்ட்ஸில் நம் 100 நானோநொடிப் பள்ளத்தில் இரண்டோ மூன்றோ மாதிரிகள் விழும். திரை அதை ஒரு முறை 83 நானோநொடி என்றும், இன்னொரு முறை 125 என்றும் காட்டும். இரண்டும் ஒரே பள்ளம்தான்.

அப்படியானால் எப்போதும் உச்ச வேகத்திலேயே பதிவுசெய்தால் என்ன? எட்டுக் கம்பிகளை 24 மெகாஹெர்ட்ஸில் பதிவுசெய்தால் நொடிக்கு 24 மெகாபைட் சேரும். ஒரு மணி நேரத்தில் 86 ஜிகாபைட்டைத் தாண்டும். அவ்வளவையும் சேமித்தாலும், அதில் அந்த ஒரு பள்ளத்தை யார் தேடுவது? இங்கேதான் ட்ரிகர் வேண்டும். எந்த நிகழ்வைச் சுற்றியுள்ள பதிவு நமக்குத் தேவை என்று கருவிக்கு முன்கூட்டியே சொல்வதுதான் ட்ரிகர்.

`SDA` கீழே இறங்கும் விளிம்பை ட்ரிகராக வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு உரையாடலும் அப்படித்தான் தொடங்குகிறது என்பதால், கோளாறில்லாத முதல் உரையாடலிலேயே பதிவு முடிந்துவிடும். கோளாறுக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளம் வேண்டும். அதை நிரலையே எழுப்பச் சொல்லலாம். பலகையில் சும்மா இருக்கும் ஒரு பின்னை எடுத்து, ஒப்புதல் வராதபோது மட்டும் அதை உயர்த்தினால் போதும்:

```
if (!ack) {
  digitalWrite(8, HIGH);
}
```

அனலைசரின் மூன்றாவது கம்பியை இந்தப் பின்னில் மாட்டி, அதன் ஏறும் விளிம்பை ட்ரிகராக வைக்கிறோம். ஆனால் பின் உயர்வது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. நமக்கு வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது. கடையில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா பழைய காட்சிகளை அழித்து அழித்துப் புதியதை எழுதுவதைப் போல, அனலைசரும் தன் நினைவகத்தில் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்க முடியும். ட்ரிகர் வந்ததும் இன்னும் சிறிது பதிந்துவிட்டு நிறுத்தும். ட்ரிகருக்கு முந்தைய பகுதி இவ்வளவு என்று நாமே வைக்கலாம். இங்கே 90 சதவீதம் வைப்பது பொருந்தும்.

நான்காவது கம்பியை ரிலேயை இயக்கும் பின்னில் மாட்டினால் காரணமும் சிக்கும். பதிவான ஒவ்வொரு கோளாறிலும், ரிலே அணைந்த சற்று நேரத்தில் `SCL`-இல் பள்ளம் விழுந்திருக்கிறது. ரிலே அணையும்போது அதன் சுருளில் எழும் மின்னழுத்தம் அருகே ஓடும் கம்பிகளைப் பாதிக்கிறது. ஐ2சி கம்பி மேடாக இருக்கும்போது அதை மேலே பிடித்திருப்பது ஒரு மின்தடை மட்டுமே என்பதால், அந்த நிலையில் அது எளிதில் தடுமாறும். சுருளின் குறுக்கே ஒரு டையோடு போட்டு, ஐ2சி கம்பிகளைக் குட்டையாக்கி ரிலேக் கம்பிகளிலிருந்து விலக்குவதே மருந்து.

டையோடைத் தொடுமுன் ஒரு சோதனை உண்டு. அந்தப் பள்ளம் உண்மையிலேயே பலகையில் உள்ளதா, அனலைசரின் தரைக்கம்பி சரியாகத் தொடாததால் வந்த போலியா? சம்பந்தமில்லாத ஒரு கம்பியையும் கூடவே பதிவுசெய்து பார்க்க வேண்டும். எல்லாக் கம்பிகளிலும் ஒரே நொடியில் அதே துடிப்பு தெரிந்தால் சந்தேகம் முதலில் தரைக்கம்பி மேல்தான்.

ட்ரிகருக்கும் ஒரு வரம்பு உண்டு. மலிவான அனலைசர்கள் பலவற்றில், பதிவான மாதிரிகளைக் கணினியில் உள்ள மென்பொருள் படித்துத்தான் ட்ரிகரைத் தேடுகிறது. மாதிரியில் சிக்காத துடிப்பை எந்த ட்ரிகராலும் பிடிக்க முடியாது. ஆகவே குறுகிய துடிப்புக்கு ஏற்ற வேகத்தை முதலில் முடிவுசெய்து, அதன் பிறகே ட்ரிகரை யோசிக்க வேண்டும். பள்ளம் எத்தனை வோல்ட் வரை இறங்கியது, எவ்வளவு சாய்வாக எழுந்தது என்பதற்கு 0, 1 பதிவில் விடை இல்லை. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆனால் அதை எந்தக் கம்பியில், எந்தக் கணத்தில் வைத்துப் பார்ப்பது என்பதை இப்போது நாம் அறிவோம்: ரிலே அணையும் கணத்தில், `SCL` கம்பியில்.