ஒரு மைனஸ், அஞ்சு மார்க்

அக்கா பையன் பத்தாவது படிக்கிறான். போன மாதம் ஒரு டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினான். "மாமா, எல்லா ஸ்டெப்பும் போட்டிருக்கேன். ஆன்சர் மட்டும்தான் தப்பு. அஞ்சுக்கு சைபர் போட்டுட்டாங்க."

கணக்கு இதுதான்: ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட 4 மீட்டர் அதிகம். பரப்பளவு 96 சதுர மீட்டர். சுற்றளவு என்ன?

அவன் எழுதியிருந்தது:

```
x(x + 4) = 96
x² + 4x − 96 = 0
(x − 12)(x + 8) = 0
x = 12
2(12 + 16) = 56
```

மூன்றாவது வரியில் குறிகள் இடம் மாறிவிட்டன. (x + 12)(x − 8) என்று இருக்க வேண்டும். அகலம் 8, நீளம் 12, சுற்றளவு 40.

சரி, இதற்கு எத்தனை மார்க் தரலாம்? நம்மூரில் ஸ்டெப் மார்க் என்பதை, சரியான வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படிப் பார்த்தால் மூன்றாவது வரிக்குக் கீழே எல்லாமே தப்பு. பிரிட்டிஷ் தேர்வு வாரியங்கள் தேர்வுக்குப் பிறகு வெளியிடும் மதிப்பெண் திட்டங்களைப் படித்தபோதுதான் வேறொரு பார்வை கிடைத்தது. அங்கே மார்க்கையே முக்கியமாக இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று வழிமுறைக்கு, இன்னொன்று துல்லியத்துக்கு. வழிமுறை மார்க்குக்கு எண் சரியாக இருக்க வேண்டியதில்லை, செய்ய வேண்டியதைச் செய்ய முயன்றிருந்தால் போதும். துல்லிய மார்க், அதற்குரிய வழிமுறை மார்க் கிடைத்தால்தான் கிடைக்கும்.

அந்த முறையில் நானே ஒரு திட்டம் போட்டேன். சமன்பாடு அமைத்ததற்கு ஒரு வழிமுறை மார்க். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க முயன்றதற்கு ஒன்று. x = 8 என்பதற்கு ஒரு துல்லிய மார்க். கிடைத்த அகலத்தை வைத்துச் சுற்றளவு கண்டதற்கு ஒரு வழிமுறை மார்க். 40 என்பதற்குக் கடைசித் துல்லிய மார்க்.

"தீர்க்க முயன்றது" என்றால் என்ன? ஆளுக்கு ஆள் மாறக்கூடாது இல்லையா? அதற்கு இந்தத் திட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு வழக்கம் உண்டு. மாணவர் எழுதிய காரணிகளைப் பெருக்கிப் பார்த்தால் மூன்று உறுப்புகளில் இரண்டாவது சரியாக வரவேண்டும். பையன் எழுதியதைப் பெருக்கினால் x² − 4x − 96. முதலும் கடைசியும் சரி, நடுவில் குறி மட்டும் தப்பு. மார்க் உண்டு.

அடுத்ததுதான் முக்கியம். சுற்றளவைத் திருத்தும்போது நம்முடைய 8-ஐ மறந்துவிட்டு, அவனுடைய 12-ஐ உள்ளே போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். 2(12 + 16) = 56. அவன் எண்ணுக்கு அவன் செய்தது சரி. வழிமுறை மார்க் உண்டு. ஆக 3/5.

இங்கேதான் ஒரு கேள்வி வரும். எந்தத் தப்பாக இருந்தாலும் இப்படியே பின்தொடர்ந்து மார்க் போட்டுவிடலாமா? முடியாது. இன்னொரு பையன் x(x + 4) = 96 என்று சரியாக எழுதி, பெருக்கும்போது x² + 4 = 96 என்று போட்டான் என்று வைத்துக்கொள்வோம். x² = 92, x சுமார் 9.59, சுற்றளவு சுமார் 46.4. இதுவும் ஒரே ஒரு சறுக்கல்தான். ஆனால் நடு உறுப்பு காணாமல் போனதால் காரணிப்படுத்தும் வேலையே இல்லாமல் போய்விட்டது. சோதிக்க நினைத்த திறமையை அவன் காட்டவே இல்லை. ஆகவே இரண்டாவது மார்க் கிடையாது. சமன்பாட்டுக்கு ஒன்று, சுற்றளவுக்கு ஒன்று, மொத்தம் 2.

மூன்றாமவன் பரப்பளவையும் சுற்றளவையும் குழப்பி 2(x + x + 4) = 96 என்று ஆரம்பித்தால்? x = 22, சுற்றளவு 96. வரிக்கு வரி கணக்கு சுத்தம். ஆனால் அது வேறொரு கணக்கு, கேள்வியில் கொடுத்த எண்ணே திரும்ப விடையாக வந்து நிற்கிறது. சைபர்தான். தப்பு எத்தனை என்று எண்ணுவதில்லை. தப்புக்குப் பிறகும் அதே அளவு கஷ்டம் மிச்சம் இருந்ததா என்றுதான் பார்க்கிறோம்.

இதையெல்லாம் சொல்லி 3 போட்டதும் பையன் முகம் சுருங்கியது. "ஒரு தப்புக்கு ஏன் மாமா ரெண்டு மார்க் போகுது?"

நியாயமான கேள்வி. கடைசித் துல்லிய மார்க்கையும் பின்தொடரும் மார்க்காக வைத்தால் 4 கிடைக்கும். அது திட்டம் எழுதுபவரின் முடிவு. திருத்துவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும், பேப்பரைப் பார்த்து மாற்றக்கூடாது. நான் ஏன் தரவில்லை என்றால், 12-ஐயும் 16-ஐயும் பெருக்கிப் பார்த்திருந்தால் 192 வந்திருக்கும். கேள்வியில் இருப்பது 96.

பெருக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி மாமா, 3 போதும். ஆனா சைபர் இல்ல, இல்லையா?"

இல்லைடா, சைபர் இல்லை.